அழுத்தினால் கரகர, விட்டால் சரசர: ஒரு தொடக்க மாணவியின் வில் பிடியைச் சரிசெய்த ஐந்து வாரம்

மாணவிக்கு 12 வயது. வயலின் கற்கத் தொடங்கி ஏழு மாதம். முழு அளவு வயலின், முழு அளவு வில். இரண்டும் அவள் கை நீளத்துக்குப் பொருந்துகின்றன. இடது கை நன்றாகவே வந்திருந்தது, முதல் நிலையில் விரல்கள் சுருதி பிசகாமல் விழுந்தன. சிக்கல் முழுக்க வலது கையில்தான். விரல் வைக்காத, திறந்த டி தந்தியில் ஒரு நீள வில் இழுத்தாலே ஒலி மூன்று துண்டாக உடைந்தது. ஃப்ராக் பக்கம் (கைப்பிடியில் முடியைப் பிடித்திருக்கும் கருப்புக் கட்டை) தொடங்கும்போது ‘கர்ர்’ என்று ஒரு நசுங்கல். நடுவில் ஓரளவு தெளிவு. நுனியை நெருங்கும்போது காற்று கலந்த ‘உஸ்’.

இதை அவளே ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: “அழுத்தினா கர்ருங்குது மிஸ், விட்டா உஸ்ஸுங்குது.”

அந்த வரியில்தான் நோய்க்குறி முழுவதும் இருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் அவளுக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றே ஒன்று: “அழுத்தாதே, லேசாகப் பிடி.” லேசாகப் பிடித்தபோது வில் தந்தியின் மேல் வழுக்கி விரல்பலகைப் பக்கம் ஓடியது. ஓடாமல் இருக்க அவள் இறுக்கினாள். இறுக்கியதும் கரகரப்பு திரும்பி வந்தது. அறிவுரை தவறில்லை. ஆனால் அது கேட்ட ஒலிக்குப் பதில் சொன்னதே தவிர, ஒலியை உண்டாக்கிய கைக்குப் பதில் சொல்லவில்லை.

கரகரப்பும் சரசரப்பும் ஒன்றல்ல

வில்லின் முடி ரோசின் என்னும் பிசினின் பூச்சோடு தந்தியைப் பற்றி இழுக்கிறது. ஓரளவு தூரம் இழுபட்ட தந்தி பிடியிலிருந்து நழுவித் திரும்புகிறது, மறுபடி பற்றப்படுகிறது. ஏ தந்தி 440 அதிர்வில் ஒலிக்கும்போது இந்தப் பற்றலும் நழுவலும் ஒரு நொடிக்கு 440 முறை, அதிர்வுக்கு ஒன்றாக, ஒழுங்காக நடக்கின்றன. நல்ல ஒலி என்பது இந்த ஒழுங்குதான். வில்லின் வேகத்துக்கு அழுத்தம் அதிகமானால் தந்தி நழுவ வேண்டிய நேரத்தில் நழுவ முடியாமல் முடியோடு ஒட்டிக்கொள்ளும், அதிர்வு கலையும். அதுதான் கரகரப்பு. அழுத்தம் குறைந்தால் ஓர் அதிர்வுக்குள் ஒரு தடவைக்கு மேல் நழுவும், முடி தந்தியின் மேற்பரப்பைச் சுரண்டிக்கொண்டு போகும். அது சரசரப்பு. இரண்டையும் ‘ஒலி சரியில்லை’ என்று ஒரே கூடையில் போட்டால், ஒன்றுக்குத் தர வேண்டிய மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுவோம். இவள் விஷயத்தில் ஒரே வில்லிழுப்புக்குள் இரண்டும் இருந்தன: ஒரு முனையில் மிகை, மறுமுனையில் குறை. எனவே “கூட்டு”, “குறை” என்று மொத்தமாகச் சொல்லும் எந்தத் தீர்வும் இங்கே பலிக்காது.

முதலில் கருவி

கையைப் பார்க்கும் முன் அவளுடைய வயலினை அவளுடைய வில்லாலேயே ஆசிரியர் வாசித்துப் பார்த்தார். ஒரு நிமிட வேலை, ஆனால் இதைத் தாண்டிப்போனால் வாரங்கள் வீணாகும். ஆசிரியர் கையிலும் லேசான கரடுமுரடு தெரிந்தது. காரணம் இரண்டு. வில்லை மிகவும் முறுக்கியிருந்தாள். தண்டு ஏறக்குறைய நேராகிவிட்டது. தண்டு முடியை நோக்கி உள்வளைந்தே இருக்க வேண்டும், நடுவில் தண்டுக்கும் முடிக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் அளவு இடைவெளி போதும். முறுக்கிய வில் தந்தியில் துள்ளும். துள்ளலை அடக்கக் கை இறுகும். இரண்டாவது, ரோசின். தினமும் இருபது முப்பது தடவை தேய்த்திருந்தாள். சத்தம் சரியில்லை என்றால் ரோசின் போதவில்லை என்று நினைப்பது தொடக்கக்காரர்கள் எல்லோரிடமும் உண்டு. தந்தி மேல் வெள்ளைப் பூச்சு படிந்து கெட்டிப்பட்டிருந்தது. உலர்ந்த மென்துணியால் நான்கு தந்திகளையும் துடைத்து, இனி ஒரு நாளைக்கு மூன்று நான்கு முழு நீளத் தேய்ப்புக்கு மேல் வேண்டாம் என்று முடிவானது. முடியை விரலால் தொட வேண்டாம் என்றும்: தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் ரோசின் பிடிக்காது.

இதைச் செய்ததும் ஆசிரியர் கையில் ஒலி தெளிவானது. மாணவி கையில் பொதுவான கரடுமுரடு குறைந்தது. ஆனால் இரு முனைகளிலும் இருந்த கோளாறு அப்படியே நின்றது. இனிப் பார்க்க வேண்டியது கையை மட்டும்தான்.

பிடி தளர்ந்ததா, இறுகியதா?

வெளிப்பார்வைக்குப் பிடி தளர்வாகத்தான் தெரிந்தது. வில் ஆடியது, நுனி அலைந்தது, சுண்டுவிரல் தண்டை விட்டு அந்தரத்தில் நின்றது. ஆனால் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தபோது அது வெளுத்திருந்தது. கட்டைவிரல் உள்பக்கமாக வளைந்து, மூட்டு பூட்டிக்கொண்டு, தண்டை ஆள்காட்டி விரலுக்கு எதிராக நெரித்துக்கொண்டிருந்தது. மீதி மூன்று விரலும் வேலை செய்யவில்லை. ஆக, பிடி தளர்ந்திருந்ததும் உண்மை, இறுகியிருந்ததும் உண்மை. இரண்டு விரல் ஐந்து விரலின் வேலையைச் செய்தால் அந்த இரண்டும் நெரிக்காமல் வேறு வழியில்லை.

இதை உறுதிசெய்ய இரண்டு சோதனை. வில்லைக் கிடைமட்டமாகப் பிடித்து, தந்தியில் வைக்காமல், நுனியை மெல்ல ஏற்றி இறக்கச் சொன்னார் ஆசிரியர். சுண்டுவிரல் தண்டின் பின்முனையை அழுத்தினால்தான் நுனி மேலே வரும். இவள் மணிக்கட்டையே தூக்கினாள். அடுத்து, வில்லின் நடுப்பகுதி தந்தியில் இருக்கும்போது ஆசிரியர் தண்டை விரலால் லேசாகத் தட்டினார். உயிருள்ள பிடி என்றால் விரல்கள் சற்று மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். இங்கே தட்டு நேரே தோளுக்குப் போனது.

இது ஒலியில் எப்படி வெளிப்படுகிறது என்பதுதான் முக்கியம். முழு அளவு வில்லின் எடை ஏறத்தாழ 60 கிராம். அதன் சமநிலைப் புள்ளி ஃப்ராக்கிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் இருக்கிறது. ஃப்ராக் பக்கம் வாசிக்கும்போது வில்லின் பெரும்பகுதி தந்திக்கு அப்பால் நீண்டு நிற்கிறது, எடை ஏறக்குறைய முழுவதும் தந்தி மேல் விழுகிறது. அங்கே சுண்டுவிரல் பின்முனையை அழுத்தி அந்த எடையில் ஒரு பகுதியைத் தாங்க வேண்டும், தராசின் மறுதட்டைப் போல. சுண்டுவிரல் இல்லாவிட்டால் முழு எடையும் நெரிப்பும் சேர்ந்து தந்தியை நசுக்கும்: கர்ர். நுனிப் பக்கம் நிலைமை தலைகீழ். அங்கே வில் தன் எடையால் தந்தியில் வைப்பது மூன்றில் ஒரு பங்கு அளவே. மிச்சத்தை ஆள்காட்டி விரல் தர வேண்டும். கட்டைவிரலைத் தாங்கலாகக் கொண்டு முன்கை சற்று உள்நோக்கித் திரும்ப, கையின் பாரம் அந்த விரல் வழியாகத் தண்டில் சாய வேண்டும். கட்டைவிரல் பூட்டியிருந்தால் முன்கை திரும்பாது. இவள் தோளை அழுத்திப் பார்த்தாள், முழங்கையை இறக்கிப் பார்த்தாள். பாரம் நுனிக்குப் போய்ச் சேரவே இல்லை: உஸ்.

ஆகவே இரு முனைக் கோளாறுக்கும் வேர் ஒன்றே. சுண்டுவிரலும் கட்டைவிரலும் மடங்கி உயிரோடு இருந்தால் இரண்டும் சேர்ந்தே சரியாகும்.

முதல் வாரம்: வயலின் இல்லாமல்

வயலினைத் தொடாமல் ஒரு வாரம் என்றதும் முகம் வாடியது. இடது கைப் பயிற்சிக்குத் தந்தியை விரலால் மீட்டி வாசிக்கலாம் என்று சொன்னதும் தெளிந்தது. வில் தந்தியில் பட்டால் காது ஒலியைத் துரத்தும், கை பழைய பழக்கத்துக்கு ஓடும். அதைத் தடுக்க இந்தப் பிரிவு தேவைப்பட்டது.

பிடியைக் கட்டிய வரிசை இப்படி. இடது கையால் தண்டின் நடுவைப் பிடித்து வில்லின் எடையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். வலது கை இன்னும் எதையும் தாங்கக் கூடாது. வலது கை விரல்களை உதறித் தொங்கவிட்டு, கட்டைவிரலை வெளிநோக்கி மடக்கி, அதன் நுனியின் ஓரம் தண்டும் ஃப்ராக்கும் சேரும் இடத்தில் படும்படி வைக்க வேண்டும். நடுவிரல் அதற்கு நேர் எதிரே வந்து தொங்கும்; கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து ஒரு தளர்ந்த வளையம். மோதிரவிரல் ஃப்ராக்கின் பக்கவாட்டில் சாயும். ஆள்காட்டி விரல், நுனியிலிருந்து எண்ணினால் முதல் மூட்டுக்கும் இரண்டாம் மூட்டுக்கும் இடையே, பக்கவாட்டில் தண்டைத் தொடும். கடைசியில் சுண்டுவிரல்: வளைந்து, அதன் நுனி தண்டின் மேல் நிற்க வேண்டும். உச்சியில் வைத்தால் வழுக்கும். ஃப்ராக் அருகே பெரும்பாலான வில்களில் தண்டு எண்கோணமாக இருக்கும். மேல்முகத்துக்கு அடுத்து, தன் பக்கம் சாய்ந்திருக்கும் முகத்தில் வைத்தால் நிற்கும். இவளுக்குச் சுண்டுவிரல் குட்டை, மோதிரவிரலுக்கு நெருக்கமாக வைத்ததும்தான் வளைவு வந்தது. தள்ளி வைத்தபோதெல்லாம் நிமிர்ந்து பூட்டிக்கொண்டது.

முதல் மூன்று நாள் இதையே சமநிலைப் புள்ளியில், அதாவது வில்லின் நடுவுக்குச் சற்று இப்பால், செய்தாள். அங்கே வில்லுக்கு எடையே இல்லாதது போலிருக்கும், நெரிக்கத் தேவையில்லை என்பதைக் கை தானே உணரும். பிறகு தினம் நான்கு விரல் அகலம் பின்னே நகர்ந்து, ஆறாம் நாள் ஃப்ராக்கை அடைந்தாள். ஒவ்வொரு இடத்திலும் சுண்டுவிரலை மட்டும் தூக்கித் தட்டி வைப்பது பத்து முறை, நுனியை ஒரு கை உயரம் ஏற்றி இறக்குவது ஐந்து முறை. ஒரு தடவைக்கு நான்கு நிமிடம், ஒரு நாளில் மூன்று தடவை. சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் ஒரே மூச்சில் செய்வது இதற்கு ஈடாகாது. சுண்டுவிரலின் சிறு தசைகள் ஐந்தாம் நிமிடத்தில் சோர்ந்துவிடும், சோர்ந்ததும் கட்டைவிரல் உதவிக்கு வந்து நெரிக்கத் தொடங்கும்.

இரண்டாம் வாரம்: கடித்து விடுதல்

தந்திக்குத் திரும்பியபோது வில்லின் நடு மூன்றிலொரு பங்கு மட்டும், சுமார் 20 செ.மீ. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் விரல்பலகை முடிவுக்கும் நடுவே ஒரே இடம். நடுப்பகுதியில் வில்லின் எடையே போதுமான அளவு தந்தியில் விழுவதால், பிடி மிகையும் குறையும் செய்ய வேண்டிய அவசியம் அங்கே மிகக் குறைவு. தெளிவான ஒலி எப்படி உணர்கிறது என்பதைக் கை அங்கேதான் கற்றுக்கொள்ளும்.

இந்த வாரத்தின் மையப் பயிற்சி ஒன்றே. வில்லை டி தந்தியில் வைத்து, அசைக்காமல், ஆள்காட்டி விரலைத் தண்டின் மேல் சாய்க்க வேண்டும். முடி தந்தியைக் கடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வில்லை ஒரு நெல்மணி அளவு இழுத்துத் தள்ளிப் பார்த்தால், ஒலி எதுவும் எழாமல் தந்தி முடியோடு சேர்ந்து பக்கவாட்டில் அசையும். அதுதான் கடி. அடுத்து வில்லை இழுக்கிற அதே கணத்தில் சாய்வை விட வேண்டும். சரியாக விழுந்தால் ‘த்’ என்ற மெய்யெழுத்தைப் போல ஒரு தெளிந்த தொடக்கம், அதைத் தொடர்ந்து நீண்ட உயிரெழுத்தைப் போலத் தந்தி ஒலிக்கும்: ‘தா…’. கடித்ததை விடாமல் இழுத்தால் ‘த்’ நீண்டு கர்ர் ஆகும். கடிக்காமலே இழுத்தால் மெய்யெழுத்தே இல்லாமல் ‘ஹா’ என்று மங்கலாகத் தொடங்கும். இந்த மூன்றையும் மாணவி காதால் பிரித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் எது வந்தது என்று தானே சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் சொன்னதும் ஆசிரியர் கேட்டதும் பாதிதான் ஒத்துப்போயின. நான்காம் நாள் எல்லாமே ஒத்துப்போயின. வாசிப்பு சரியாவதற்கு முன் காது சரியாகிவிட்டது. வழக்கமாக அந்த வரிசையில்தான் நடக்கும்.

இங்கே ஒரு பிசகு நேர்ந்தது. வாரத்தின் பாதியில் கட்டைவிரலின் அடிச்சதை வலிக்கிறது என்றாள். கடிப்பதற்கு ஆள்காட்டி விரலைச் சாய்ப்பதற்குப் பதில் கட்டைவிரலை மேல்நோக்கித் தள்ளியிருக்கிறாள். ஒலியில் வித்தியாசம் தெரியவில்லை, கையில்தான் தெரிந்தது. இரண்டு நாள் பயிற்சியை நிறுத்தி, பிறகு கட்டைவிரலைத் தற்காலிகமாக ஃப்ராக்கின் அடிப்பக்கத்துக்கு மாற்றினார் ஆசிரியர். அங்கே தாங்கும் பரப்பு அதிகம், நெரிக்கும் கோணம் கிடைக்காது. எட்டு நாள் கழித்துப் பழைய இடத்துக்குத் திரும்பியபோது கட்டைவிரல் மடங்கியே வந்தது. ஓய்வுக்குப் பிறகும் வலி நின்றிருந்தால் பயிற்சியை மாற்றுவது போதாது. கையை மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாம், நான்காம் வாரம்: இரு முனைகளும்

முதலில் ஃப்ராக் பக்கம். வில்லை நேரே ஃப்ராக்கில் வைத்துத் தொடங்கினால் பழைய கர்ர் திரும்பும். அதனால் நடுவிலிருந்து தள்ளிக்கொண்டே ஃப்ராக்கை நோக்கி வந்து, வர வர சுண்டுவிரலில் பாரம் கூடுவதை உணர்ந்து, ஃப்ராக்குக்கு நான்கு விரல் முன்னால் நின்றுவிட வேண்டும். நின்ற இடத்தில் வில்லைத் தந்தியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கி, ஓசையில்லாமல் மறுபடி வைக்க முடிய வேண்டும். வைக்கும்போது ‘டக்’ என்று விழுந்தால் சுண்டுவிரல் தாங்கவில்லை என்று பொருள். ஓசையில்லாமல் இறங்கினால் அங்கிருந்து இழுக்கலாம். மூன்றாம் வாரம் முழுவதும் இந்த இறக்கத்துக்கே போனது. அவசரப்பட வேண்டிய இடம் இதுவல்ல.

நுனிப் பக்கம் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பிடி சரியான பிறகும் கடைசிக் கால்பகுதியில் சரசரப்பு மிச்சம் இருந்தது. கண்ணாடி முன் நிறுத்திப் பார்த்தபோது, வில் பாதியைத் தாண்டியதும் முழங்கை உடம்புக்குப் பின்னே போனது. வில் கோணலாகி, முடி விரல்பலகை மேல் ஏறியது. அங்கே தந்தி நெகிழ்வாக இருக்கும், ஆள்காட்டி விரலின் பாரத்தைத் தாங்காது. பாரத்தைக் கூட்டச் சொல்லியிருந்தால் சரசரப்பு கரகரப்பாக மாறியிருக்குமே தவிர ஒலி தெளிந்திருக்காது. நடுவைத் தாண்டியதும் மேல்கை நின்றுவிட வேண்டும், முழங்கை மட்டும் கதவின் கீல் போல விரிய வேண்டும், கை உடம்புக்குப் பின்னே போகாமல் முன்னே நீள வேண்டும். நுனியில் மணிக்கட்டு சற்றுத் தாழும். கண்ணாடியில் தந்திக்கு வில் செங்குத்தாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, ஒலியை மறந்து, தினம் பத்து இழுப்பு. நான்காம் வாரக் கடைசியில் நிமிடத்துக்கு 60 தட்டு தட்டும் மெட்ரோனோமுக்கு நான்கு எண்ணிக்கைக்கு ஒரு முழு வில். வேகம் சீராக இருக்க ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் வில்லின் கால்பகுதி என்று, தண்டில் ஒட்டிய சிறு காகிதத் துண்டுகளை அடையாளமாக வைத்தார்கள். இல்லாவிட்டால் முதல் எண்ணிக்கையிலேயே பாதி வில்லைச் செலவழித்துவிட்டு மீதியை ஊர்ந்து கழிப்பாள். ஊரும் வில் அதே பாரத்தில் கரகரக்கும்.

ஐந்தாம் வாரம்: எங்கே நிற்கிறது

திறந்த டி, ஏ தந்திகளில் பத்து முழு வில் இழுத்தால், முனைக்கு முனை தெளிவாக வந்தவை முதல் நாள் ஒன்றோ இரண்டோ, ஐந்தாம் வாரம் எட்டு. தண்டைத் தட்டிப் பார்த்தால் விரல்கள் மடங்கி வாங்கிக்கொண்டன. கட்டைவிரல் நகம் வெளுக்கவில்லை.

இடது கை சேர்ந்ததும் மட்டும் பாதி கலைந்தது. நான்காம் விரலை, அதாவது இடது சுண்டுவிரலை, அழுத்தி வைக்கும்போதெல்லாம் வலது கைச் சுண்டுவிரலும் நிமிர்ந்து பூட்டிக்கொண்டது. ஒரு கையின் இறுக்கம் மறுகைக்குத் தொற்றுவது வழக்கம்தான். இதற்காகத் தெரிந்த பாடலின் முதல் இரண்டு வரியை மட்டும் எடுத்து, இடது கை விரல்களைத் தந்தியை முழுதாக அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் வைத்து வாசிக்கச் சொன்னார்கள். ஸ்வரம் சரியாக ஒலிக்காது. வலது கை குலையாமல் இருக்கிறதா என்பதே கவனம். பிறகு அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டினாள்.

ஜி தந்தியில் தொடக்கம் இன்னும் மங்கலாக இருக்கிறது. தடித்த தந்தி, அசைய நேரமெடுக்கும், கடி அதிகம் வேண்டும். முழங்கையையும் டி தந்திக்கு இருப்பதைவிட உயர்த்த வேண்டும். ஈ தந்தியில் கடியைக் குறைக்கத் தவறினால் கீச்சிடுகிறது. டி தந்தியில் பழகிய ‘தா’வை அப்படியே இரண்டுக்கும் கொண்டுபோக முடியவில்லை. ஆறாம் வாரத்துக்கு எழுதிக் கொடுத்த பயிற்சி: கடித்து விடுதல், நடு வில்லில், ஜி தந்தியில் பத்து, ஈ தந்தியில் பத்து, இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரல் தட்டல் ஐந்து.